கேள்விகளே கருப்பொருள்களாகிவிட்டபோது: திருகோணமலையில் ஒரு நேர்காணல் ஆய்வின் குறியிடல்

பின்னணி

இங்கே பதிவாவது ஒரு முதுதத்துவமாணி ஆய்வின் குறியிடல் கட்டம், அதாவது நேர்காணல் பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைக் காட்டும் பெயர் இட்ட கட்டம். திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் நுண்கடன் எடுத்த பெண்களை ஆய்வாளரான மாணவி நேர்கண்டார். நான் அந்த ஆய்வின் இரண்டாம் மேற்பார்வையாளர். மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கிராமங்களின் பெயரும் இல்லை; ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இந்தக் கடன் முறையில் அடகு கிடையாது. ஒரே ஊரிலுள்ள சில பெண்கள் ஒரு குழுவாகச் சேர்வார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பிணை. கிழமைக்கொருமுறை ஒரு வீட்டில் கூட்டம் நடக்கும், கம்பனி உத்தியோகத்தர் வந்து தவணையைச் சேர்ப்பார். ஒருவர் கட்டாவிட்டால் அவருடைய பங்கு மற்றவர்களின் தலையில் விழும். இந்தப் பெண்களில் பலருடைய வீட்டு வருமானம் மீன்பிடியில் தங்கியிருந்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையில் கிடக்கும். வருமானம் நின்றாலும் கிழமைத் தவணை நிற்காது. பெண்கள் இந்தக் காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு வினா.

மாணவி 14 பெண்களைச் சந்தித்தார். ஒவ்வொரு நேர்காணலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கையடக்கத் தொலைபேசியில் பதிவுசெய்து, நகரிலுள்ள தட்டச்சாளர் ஒருவரிடம் கொடுத்து எழுத்துப்படி எடுத்தார்.

அந்த எழுத்துப்படியில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட கோப்பை எக்செல்லில் ஒட்டினால் கடன் என்ற சொல் `fld;` என்று வந்தது. சொல் தேடல் எதுவும் வேலை செய்யாது. யூனிகோடுக்கு மாற்றியதும் அது தீர்ந்தது. இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. தட்டச்சாளர் நல்ல நோக்கத்தோடு பேச்சைத் திருத்தியிருந்தார். "கட்டோணும்" என்றது "கட்ட வேண்டும்" ஆகியிருந்தது. சிரிப்பு, இடைநிறுத்தம், பாதியில் விட்ட வசனம் எல்லாம் போயிருந்தன. நான் ஒரு நேர்காணலை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டபோதுதான் இது தெரிந்தது. மாணவி எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுப் பேசியபடியே திருத்தினார். அது பெரிய வேலை. ஆனால் பின்னால் வந்த முக்கியமான ஒரு வாசிப்பு அந்தத் திருத்தத்தில்தான் தங்கியிருந்தது.

முதல் சுற்றில் கண்டது

வேர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் விவரித்த ஆறு கட்ட முறையை மாணவி பின்பற்றினார். தரவோடு பழகுதல், குறியிடல், கருப்பொருள்களைத் தேடுதல், அவற்றைத் தரவோடு சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல் என்று அது போகும். முதல் மூன்று கட்டங்களை முடித்து 112 குறியீடுகளோடும் ஐந்து கருப்பொருள்களோடும் வந்தார். கருப்பொருள்கள் இவை: கடன் எடுத்த காரணங்கள், திருப்பிச் செலுத்துவதிலுள்ள சிரமங்கள், குடும்பத்தில் ஏற்பட்ட தாக்கம், சமூக ஆதரவு, பெண்களின் எதிர்பார்ப்புகள்.

பட்டியல் ஒழுங்காக இருந்தது. ஆனால் நேர்காணல் வழிகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது, அதன் ஐந்து பகுதிகளும் இந்த ஐந்து கருப்பொருள்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே பெயரோடு நின்றன. கேட்ட கேள்விக்குக் கீழே கிடைத்த பதில்கள் அடுக்கப்பட்டிருந்தன.

இப்படிப்பட்டதைத் தலைப்புவாரித் தொகுப்பு என்று சொல்லலாம். ஒரு விடயத்தைப் பற்றி எல்லாரும் சொன்னதை அது ஓரிடத்தில் சேர்க்கிறது. கருப்பொருள் செய்ய வேண்டியது வேறு வேலை: பலருடைய பேச்சினூடாக ஓடும் ஒரே பொருளைப் பிடித்து, அதைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும். "சமூக ஆதரவு" எதையும் சொல்லவில்லை. ஆதரவு கிடைத்ததா, யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்பது அந்தப் பெயரில் இல்லை.

மாணவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: ஒரு நேர்காணலும் எடுக்காமல் இந்தக் கருப்பொருளை எழுதியிருக்க முடியுமா? மாணவியிடமும் அதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐந்தையுமே எழுதியிருக்கலாம், சேர்" என்றார்.

பிரச்சினை கருப்பொருள் கட்டத்தில் தொடங்கவில்லை. குறியீடுகளிலேயே தொடங்கியிருந்தது. 112இல் பெரும்பாலானவை ஒரு சொல் அல்லது இரு சொல் பெயர்கள்: பணப்பிரச்சினை, மன அழுத்தம், அயலவர் உதவி, கணவரின் தொழில். எழுத்துப்படியை மூடிவிட்டு அந்தப் பெயர்களை மட்டும் வாசித்தால், அந்தப் பெண் என்ன சொன்னார் என்று ஊகிக்க முடியாது. பொருளை உதறிவிட்ட குறியீடுகளை எப்படி அடுக்கினாலும் அவை கேள்வித்தாளின் தலைப்புகளுக்குத்தான் திரும்பிப் போகும். போவதற்கு அவற்றுக்கு வேறு இடமில்லை.

எடுத்த முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. இருந்த 112 குறியீடுகளையே வேறு விதமாகக் குழுவாக்குவது ஒன்று. நேரம் மிச்சமாகும், மாணவியின் பதிவுக் காலமும் முடிந்துகொண்டிருந்தது. மற்றது எழுத்துப்படிக்கே திரும்பிப் புதிதாகக் குறியிடுவது. இரண்டாவதை எடுத்தோம். பெயரில் பொருள் இல்லையென்றால் குழுவாக்குவதால் அது வந்து சேராது என்பதுதான் காரணம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்கவில்லை. ஒன்றுக்கொன்று வித்தியாசமான மூன்று நேர்காணல்களை மட்டும் எடுத்தோம். இரண்டு நிபந்தனைகள் வைத்தோம். ஒவ்வொரு குறியீடும், எழுத்துப்படியைப் பார்க்காமல் வாசித்தாலும் என்ன நடக்கிறது என்று சொல்லும் சிறு சொற்றொடராக இருக்க வேண்டும். குறியிட்ட பகுதியோடு, அதற்கு முன் மாணவி கேட்ட கேள்வியும் எக்செல்லில் ஒரு தனி நிரலில் நிற்க வேண்டும். மற்ற நிரல்கள் நேர்காணல் எண், வரி எண், பேச்சு, குறியீடு, மாணவியின் குறிப்பு. மென்பொருள் வாங்கவில்லை, 14 நேர்காணலுக்கு இது போதும்.

ஒரு பந்தி

ஏழாவது நேர்காணலில் வந்த ஒரு பந்தியை அப்படியே தருகிறேன். "கூட்டம் நடக்கிற நாள் எப்படி இருக்கும்?" என்பது கேள்வி.

"செவ்வாய்க்கிழமை கூட்டம். அண்டைக்குக் காலையில சோறு ஆக்கினாலும் மனசு கூட்டத்திலதான் கிடக்கும். மனிசன் கடலுக்குப் போகேல்ல, வாடை. பக்கத்து வீட்டு அக்காட்ட ஐந்நூறு வாங்கி வச்சன். அவவும் அதே குழுதான். நான் கட்டாட்டி அவவும்தானே கட்டோணும். அப்ப அவட்ட வாங்கிறதும் ஒண்டுதான், கட்டாம விடுறதும் ஒண்டுதான். (சிரிக்கிறார்) ஆனா வாங்கினா முகம் பாக்கலாம்."

முதல் சுற்றில் இதற்கு நான்கு குறியீடுகள்: மன அழுத்தம், பருவகால வருமானக் குறைவு, கடன் சுமை, அயலவர் உதவி. எதுவும் முழுப் பிழையில்லை. ஆனால் "அயலவர் உதவி" அந்தப் பெண் சொன்னதற்கு நேர் எதிரான பக்கம் போகிறது. பணம் கொடுத்தவர் அயலவராக அதைக் கொடுக்கவில்லை, அவர் பிணைகாரி. தவணை தவறினாலும் பணம் அவருடைய மடியிலிருந்துதான் போகும். இதை அந்தப் பெண்ணே கணக்குப் போட்டுச் சொல்கிறார். பணக்கணக்கில் வித்தியாசம் இல்லையென்றால் பிறகு ஏன் முன்கூட்டிக் கேட்டு வாங்க வேண்டும்? கடைசி வசனம் அதற்கு விடை.

இரண்டாம் சுற்றில் மாணவி இட்ட குறியீடுகள் இப்படி இருந்தன:

- கூட்டத்துக்கு முதலே பணத்தைத் தேடி முடித்தல்
- குழுவிலுள்ளவரிடம் வாங்கிக் குழுவுக்கே கட்டுதல்
- எப்படிச் செய்தாலும் பணம் ஒன்றுதான் என்று தானே சொல்லுதல்
- "வாங்கினா முகம் பாக்கலாம்"

கடைசியை அவருடைய சொற்களிலேயே விட்டோம். எந்த மாற்றுப் பெயரும் அதைவிடக் குறைவாகத்தான் சொல்லியிருக்கும். எல்லாக் குறியீட்டையும் இப்படி வைக்கக் கூடாது. வைத்தால் பட்டியல் மேற்கோள் தொகுப்பாகிவிடும். ஒருவருடைய சொல் மற்றவர்களுடைய பேச்சையும் விளக்கத் தொடங்கும்போதுதான் அதற்கு அந்த இடம் கொடுக்கலாம்.

ஒரு குறியீட்டைப் பிளந்தது

இந்தப் பந்திக்குப் பிறகு, "அயலவர் உதவி" என்று முதலில் குறியிட்டிருந்த எல்லாப் பகுதிகளையும் வெளியே எடுத்தோம். 14 நேர்காணல்களில் 23 பகுதிகள். ஒவ்வொன்றிலும் பணம் கொடுத்தவர் யார் என்று மட்டும் பார்த்தோம். 15இல் அதே குழுவிலுள்ள பெண். எட்டில் வெளியாள், பெரும்பாலும் தாய் வீட்டார் அல்லது கணவரின் உறவினர்.

பிரித்த பிறகு இரண்டு தொகுதிகளையும் தனித்தனியே வாசித்தபோது பேச்சே வேறாக இருந்தது. வெளியாளிடம் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கும் நாளைப் பற்றிப் பேசினார்கள்: சம்பளம் வந்ததும், மாலை அடகு வைத்ததும், கடல் திறந்ததும். குழுவுக்குள் வாங்கியவர்களின் பேச்சில் நாள் அனேகமாக வரவில்லை. யார் யாரோடு கதைக்கிறார்கள், யார் கூட்டத்தில் எங்கே இருந்தார்கள், அடுத்த முறை யார் கேட்பார்கள் என்பவைதான் வந்தன.

கேள்வி நிரலும் இங்கே உதவியது. வெளியாளைப் பற்றிய எட்டில் நான்கு பகுதிகளுக்கு முன்னால் "கஷ்டமான நேரத்தில் அயலவர்கள் உதவுவார்களா?" என்ற வழிகாட்டிக் கேள்வி இருந்தது. பதில்களும் "ஓம், உதவுவினம்" என்ற அளவில்தான் இருந்தன. அவற்றில் உதவி என்ற எண்ணத்தை உள்ளே கொண்டுவந்தது கேள்வி. குழுவுக்குள் வாங்குவதைப் பற்றிய 15 பகுதிகளில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பதிலாக வரவில்லை. கூட்டம், சமையல், கணவர், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று வேறு ஏதோ பேசும்போது பெண்களே கொண்டுவந்தவை. குறியிட்ட பகுதியைக் கேள்வியிலிருந்து வெட்டி எடுத்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இந்த எண்ணிக்கைகளை ஆய்வேட்டில் முடிவாக எழுதவில்லை. 23க்கு 15 என்பது இந்த 14 உரையாடல்களுக்குள் எங்கே தேடுவது என்று காட்டியது, அவ்வளவுதான். மாவட்டத்தில் எத்தனை பெண்கள் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு இதில் விடையில்லை.

கருப்பொருள் உருவானது

மூன்று நேர்காணல்களில் தேறிய முறையில் மற்ற 11ஐயும் மாணவி குறியிட்டார். பிறகு குறியீடுகளைத் தாள் துண்டுகளில் எழுதித் தரையில் பரப்பினோம். மேலே சொன்னவற்றோடு, "கூட்டத்தில் யாரும் தவறவில்லை என்று உத்தியோகத்தருக்குக் காட்டுதல்", "ஒரு கம்பனிக் கடனால் இன்னொன்றைக் கட்டுதல்", "யார் கேட்பது என்பதை முறைவைத்து மாற்றிக்கொள்ளுதல்" ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தன.

மாணவி முதலில் வைத்த பெயர் "முகம் காத்தல்". அதை ஒரு முழு வசனமாக எழுதும்படி கேட்டேன். வசனமாக்க முடியாத கருப்பொருளுக்குள் என்ன வரும், என்ன வராது என்று சொல்ல முடியாது. அவர் எழுதியது: "தவணை தவறுவதைப் பெண்கள் கூட்டத்துக்கு வெளியே தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள், அதனால் பதிவேட்டில் தவறாத தவணை, அவர்களுக்கிடையில் எழுதப்படாத கடனாகச் சேர்கிறது."

ஆய்வின் பாதையே இந்த வசனத்தில் மாறியது. ஒழுங்காகக் கட்டப்படும் தவணை சிரமமின்மையின் அடையாளம் என்று முதல் வரைவு எடுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சுகளில் ஒழுங்கான தவணைக்கும் பெருகும் கடனுக்கும் இடையில் முரண்பாடே இல்லை.

பொருந்தாத இரண்டு நேர்காணல்கள்

அடுத்த வேலை, வசனத்தை எடுத்துக்கொண்டு 14 எழுத்துப்படியையும் முதலிலிருந்து வாசித்து, அதற்கு இடிக்கும் இடங்களைத் தேடுவது. எனக்கு இந்தக் கட்டம்தான் குறியிடலின் உயிர். துணைபோகும் மேற்கோள்களைத் தேடினால் எப்போதும் கிடைக்கும்.

பதினோராவது நேர்காணலிலுள்ள பெண் யாரிடமும் கேட்கவில்லை. கூட்டத்தில் எழுந்து காசு இல்லை என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஏசிக்கொண்டே கட்டினார்கள். மாணவி இதை விதிவிலக்கு என்று ஒரு வரியில் முடிக்க நினைத்தார். அப்படி விடாமல், இவரிடம் மற்றவர்களிடம் இல்லாத எது இருக்கிறது, அல்லது எது இல்லை என்று எழுத்துப்படியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவர் வேறு ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். அந்த ஊரில் கேட்டு வாங்கும் அளவுக்கு யாரோடும் பழக்கமில்லை. வெளியே தீர்த்துக்கொள்ள ஏற்கெனவே ஓர் உறவு வேண்டும் என்ற எல்லையை இந்த நேர்காணல்தான் கருப்பொருளுக்குக் கொடுத்தது.

மூன்றாவது நேர்காணல் குழுத் தலைவியுடையது. மற்றவர்கள் தாங்களாகக் கேட்டு வாங்குவதாகச் சொன்ன அதே காரியத்தை, தான் ஒழுங்குசெய்வதாக இவர் சொன்னார்: யாரிடம் இந்தக் கிழமை காசு இருக்கும் என்று தனக்குத் தெரியும், முதல் நாளே ஆளனுப்பிவிடுவேன் என்றார். இதனால் வசனம் திருத்தப்பட்டது. "தங்களுக்குள்" என்பதில் எல்லாரும் சமம் என்ற தொனி இருந்தது. புதிய வசனத்தில் தலைவியின் இடம் தனியாகக் குறிக்கப்பட்டது.

சிரிப்பைப் பற்றிய பேச்சும் மதிப்பீட்டுக் குழுவின் கேள்வியும்

முன்னேற்ற மதிப்பீட்டில் குழு உறுப்பினர் ஒருவர், இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு உடன்பாட்டு எண் காட்ட வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கப்பா போன்ற எண்ணுக்கு முன்கூட்டியே வரையறுத்த குறியீட்டுப் புத்தகமும், இருவரும் ஒரே மாதிரி வெட்டிய பகுதிகளும் வேண்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அந்த எண் அளக்கிறது; பேச்சுக்கு ஒரு சரியான குறியீடு இருக்கிறது என்ற எண்ணம் அதன் பின்னால் நிற்கிறது. இந்த ஆய்வில் குறியீடுகள் வாசிப்போடு மாறிக்கொண்டே வந்தன. பிரவுனும் கிளார்க்கும் தங்கள் முறையை, ஆய்வாளரின் வாசிப்பையும் பகுப்பாய்வின் பகுதியாக எடுக்கும் பிரதிபலிப்பு முறை என்று பிற்காலத்தில் பெயரிட்டு, அதற்கு இப்படியான எண் பொருந்தாது என்று விளக்கியிருக்கிறார்கள். எண் வேண்டுமென்றால் ஆய்வைத் தொடக்கத்திலேயே குறியீட்டுப் புத்தக முறையில் அமைக்க வேண்டும். நடுவில் ஒட்டவைக்கக் கூடாது. குழுவுக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தோம்.

இரண்டாவது வாசகரை விட்டுவிடவில்லை. சக மாணவி ஒருவர், மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், இரண்டு எழுத்துப்படிகளைத் தனியாகக் குறியிட்டார். ஏழாவது நேர்காணலின் அந்தச் சிரிப்பை அவர் வெட்கம் என்று எடுத்தார். எங்கள் மாணவி அதை, கணக்கின் அபத்தத்தைத் தானே கண்டவரின் சிரிப்பு என்று எடுத்தார். மூவரும் ஒலிப்பதிவைக் கேட்டோம். சிரிப்பு "ஒண்டுதான்" என்ற சொல்லோடு ஒட்டி வருகிறது; "முகம் பாக்கலாம்" என்பதற்கு முன் குரல் தாழ்கிறது. இரண்டு வாசிப்புக்கும் இடமிருக்கிறது, ஆனால் வெவ்வேறு இடத்தில். குறிப்பு நிரலில் இரண்டும் காரணத்தோடு எழுதப்பட்டன. தட்டச்சாளரின் முதல் படியில் இந்தச் சிரிப்பே இல்லை.

விளைவு

ஐந்து தலைப்புகள் இருந்த இடத்தில் மூன்று கருப்பொருள்களோடு ஆய்வேடு முடிந்தது. "கடன் எடுத்த காரணங்கள்" கருப்பொருளாக நிற்கவில்லை. பின்னணி அத்தியாயத்தில் விவரணையாக இருக்கிறது. அது அங்கேதான் பயன்படுகிறது. மதிப்பீட்டுக் குழு பகுப்பாய்வை ஏற்றுக்கொண்டது. தலைவிகளைப் பற்றிய பகுதிக்குச் சான்று மெலிவாக இருக்கிறது என்று குறிப்பிட்டது. அது சரியான குறிப்பு. ஒரே ஒரு தலைவிதான் நேர்காணப்பட்டிருந்தார்.

ஒரு விடயத்தில் இறுதி வரைவுக்கு முன் நிறுத்த வேண்டியிருந்தது. கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனைப் பற்றி ஒரு பெண் மிகத் தெளிவாகப் பேசியிருந்தார். அந்தப் பந்தி கருப்பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் சிறிய ஊரில், கூட்டம் நடக்கும் நாளும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் போதும், ஆளைக் கண்டுபிடிக்க. பெயரை மாற்றுவது போதாது என்று முடிவெடுத்து, பந்தியை நீக்கி அதன் பொருளை மட்டும் பொதுவாக எழுதினோம்.

அடுத்த ஆய்வில் மாறுபவை

எழுத்துப்படி தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் இருக்கும். தட்டச்சாளருக்கு ஒரு பக்க அறிவுறுத்தல் கொடுக்கப்படும்: பேச்சைத் திருத்தக் கூடாது, சிரிப்பையும் நீண்ட மௌனத்தையும் குறிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தை மாணவரே எழுதி மாதிரியாகக் கொடுப்பது நல்லது.

பெரிய மாற்றம் நேர அட்டவணையில். இங்கே 14 நேர்காணலும் முடிந்த பிறகுதான் குறியிடல் தொடங்கியது. முதல் மூன்றை எடுத்ததுமே குறியிட்டிருந்தால், குழுவுக்குள் வாங்குதல் நான்காவது நேர்காணலுக்கு முன்னரே தெரிந்திருக்கும். "அயலவர்கள் உதவுவார்களா?" என்ற கேள்வி நீக்கப்பட்டிருக்கும். கூடுதலான தலைவிகளையும், ஊருக்குப் புதிதாக வந்த பெண்களையும் தேடிப் போயிருக்கலாம். இப்போது களவேலைக்குப் போகும் மாணவர்களின் அட்டவணையில் மூன்றாம் நேர்காணலுக்கும் நான்காவதற்கும் இடையில் இரண்டு கிழமை இடைவெளி போடுகிறேன். அந்த இரண்டு கிழமையில் மூன்று எழுத்துப்படிகளும் முழுதாகக் குறியிடப்பட்டு, திருத்திய வழிகாட்டியோடு மேற்பார்வையாளரிடம் வர வேண்டும்.